எழுபத்திரண்டு மணி நேரம்: ஒரு லாக்கர் பார்சல் கெடு தாண்டிய கதை

நான் ஒரு கூரியர் டிப்போவில் ஐந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். அதில் பாதிக் காலம் ரிட்டர்ன் பகுதியில். யாரும் எடுக்காமல் விட்ட பார்சல்கள் கூண்டு கூண்டாக வந்து இறங்கும் இடம் அது. இத்தனை பேர் எப்படிப் பணம் கட்டிய பொருளை எடுக்காமல் விடுகிறார்கள் என்று அப்போது ஆச்சரியமாக இருக்கும். அப்புறம் என் சொந்த அக்காவின் பார்சலே அந்த வழியாகப் போனது. அதை முதலிலிருந்து கடைசிவரை கூடவே இருந்து பார்த்ததால் இதை எழுதுகிறேன்.

அக்கா வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். மிஷினின் மோட்டார் புகைந்துவிட்டது. பழைய மாடல் என்பதால் அந்த மோட்டார் எளிதில் கிடைக்காது. இணையச் சந்தையில் ஒரு சின்ன விற்பனையாளரிடம் ஒன்றே ஒன்று இருந்தது. பகலில் வீட்டில் ஆள் இருப்பது நிச்சயமில்லை என்று, வீட்டு முகவரிக்குப் பதில் பக்கத்து லாக்கர் நிலையத்தைத் தேர்ந்தெடுத்தார். டிரைவர் பார்சலைப் பூட்டிய பெட்டியில் வைத்துவிட்டுப் போவார், நாம் குறியீட்டை அடித்துக் கதவைத் திறந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் தப்பே இல்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

கெடு எப்போது தொடங்கியது

பார்சல் இரண்டே நாளில் வந்து சேர்ந்தது. வியாழன் காலை டிரைவர் லாக்கருக்குக் கொண்டுபோனபோது நடு அளவுப் பெட்டி ஒன்றுகூடக் காலியில்லை. லாக்கரில் எப்போதும் முதலில் நிரம்புவது நடு அளவுதான். சின்னப் பெட்டியில் பொருள் நுழையாது. பெரிய பெட்டியைப் பெரிய பார்சலுக்காக விட்டுவைக்கப் பார்ப்பார்கள். சாயங்கால நடையில் ஒரு பெட்டி காலியாகக் கிடைக்க, இரவு 8:40-க்கு மோட்டாரை வைத்துக் கதவைச் சாத்தினார்கள். கதவு மூடிய நொடியில் ஸ்கேன் பதிவாகி, ஆறு இலக்கக் குறியீட்டோடு அக்காவுக்கு மெசேஜ் போனது. "உங்கள் பார்சல் தயார். 3 நாட்களுக்குள் எடுத்துக்கொள்ளவும்" என்று அதில் இருந்தது.

பிரச்சினை தொடங்கியது அந்த "3 நாட்களில்"தான். அக்கா கணக்குப் போட்டது எல்லோரும் போடுகிற மாதிரி: வியாழன் இரவு வந்ததை ஒரு நாளாக யார் எண்ணுவார்கள்? வெள்ளி, சனி, ஞாயிறு. ஆக ஞாயிறு ராத்திரி வரை நேரம் இருக்கிறது. லாக்கரின் கணக்கு வேறு. அதற்கு நாள் என்பதே கிடையாது. கதவு மூடியதிலிருந்து 72 மணி நேரம், அவ்வளவுதான். ஞாயிறு இரவு 8:40-க்குக் குறியீடு செத்துவிடும். எல்லா நிறுவனமும் இப்படி எண்ணுவதில்லை. சிலர் கடைசி நாள் நள்ளிரவு வரை விடுவார்கள், சிலர் 48 மணி நேரம்தான் தருவார்கள், கடைக் கவுண்டர் என்றால் ஒரு வாரமோ அதற்கு மேலோ கிடைக்கும். டிராக்கிங் பக்கத்தைத் திறந்திருந்தால் தேதியும் மணியும் துல்லியமாக இருந்தது. ஆனால் மெசேஜில் குறியீடு வந்த பிறகு டிராக்கிங் பக்கத்தை யார் திறந்து பார்க்கிறார்கள்? என்னைக் கேட்டால் இதில் குற்றம் மெசேஜை எழுதியவருடையது. மணிக்கணக்கில் ஓடுகிற கெடுவை நாள் கணக்கில் சொல்லக்கூடாது.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு நினைவூட்டல் மெசேஜும் வந்திருக்கிறது. அது வேறு அனுப்புநர் பெயரில் வந்தது. "உங்கள் பார்சலின் காலம் முடியப்போகிறது, இங்கே அழுத்தவும்" என்று ஒரு குறுக்கிய இணைப்பு. அக்கா அதை ஏமாற்று மெசேஜ் என்று நினைத்து அழித்துவிட்டார். இதில் அவரைக் குறை சொல்ல முடியாது. பார்சல் பேரைச் சொல்லி அட்டை எண் கேட்கும் போலி மெசேஜ்கள் அச்சு அசலாக இப்படித்தான் வருகின்றன. இப்படி ஒன்று வந்தால் இணைப்பை அழுத்தவும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு அழிக்கவும் வேண்டாம். ஆர்டர் செய்த இடத்திலிருந்து டிராக்கிங் எண்ணை எடுத்து, கூரியர் நிறுவனத்தின் பக்கத்தில் நீங்களே அடித்துப் பாருங்கள். மெசேஜ் உண்மையா பொய்யா என்று அங்கே தெரிந்துவிடும், கெடுவும் தெரிந்துவிடும்.

அந்த மெசேஜில் காலத்தை ஒரு முறை நீட்டித்துக்கொள்ளும் வசதியும் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. கெடு முடிவதற்குள் அழுத்தியிருந்தால் இன்னும் ஒரு நாள் கிடைத்திருக்கும்.

ஞாயிறு இரவு 9:30

கல்யாண வீட்டிலிருந்து திரும்புகிற வழியில் அக்கா லாக்கர் முன்னால் போய் நின்றார். குறியீட்டை அடித்தார். திரை "குறியீடு செல்லாது" என்றது. மறுபடி அடித்தார். மூன்றாவது முறையும் அடித்துவிட்டு எனக்குப் போன் செய்தார்.

"டேய், மிஷின் என்னமோ கெட்டுப்போச்சு. நம்பர் எடுக்க மாட்டேங்குது."

"அக்கா, இனிமே அடிக்காதீங்க. நிறையத் தடவை தப்பா அடிச்சா திரை கொஞ்ச நேரம் பூட்டிக்கும். டிராக்கிங் பக்கத்தைத் திறந்து கடைசி வரி என்னன்னு மட்டும் படிங்க."

கடைசி வரி "வைப்புக் காலம் முடிந்தது" என்று இருந்தது. நேரம் 20:40. அதற்கு மேல் வேறு வரி எதுவும் இல்லை. இதைத்தான் நான் தெரிந்துகொள்ள விரும்பினேன். கெடு முடிந்த நிமிடத்தில் பார்சல் எங்கும் போய்விடுவதில்லை. லாக்கருக்குக் கையும் காலும் கிடையாது. அணைவது குறியீடு மட்டும்தான், பொருள் அதே பெட்டிக்குள் அப்படியே இருக்கும். டிரைவர் அடுத்த முறை வந்து கதவைத் திறந்து எடுத்து ஸ்கேன் செய்யும்வரை அங்கேதான் இருக்கும். அந்த ஸ்கேன் விழுந்ததும் "லாக்கரிலிருந்து எடுக்கப்பட்டது" என்ற மாதிரி ஒரு வரி வரும். அது வராதவரை உங்கள் பொருள் உங்களிடமிருந்து ஒரு தகரக் கதவு தூரத்தில்தான். விடுமுறை நாள் குறுக்கே வந்தால் ஓரிரு நாள்கூட அப்படியே கிடப்பதுண்டு.

சரி, உள்ளேதானே இருக்கிறது, திறந்துவிட வேண்டியதுதானே என்று யாருக்கும் தோன்றும். அக்காவுக்கும் தோன்றியது. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டோம். பேசிய பெண் பொறுமையாகத்தான் பேசினார். கதவு சிக்கிக்கொண்டால் அவர்களால் தொலைவிலிருந்தே திறக்க முடியும். ஆனால் அந்த நிறுவனத்தில் அதற்கும் குறியீடு உயிரோடு இருக்க வேண்டும். கெடு முடிந்ததும் பார்சலின் நிலை தானாகவே "ரிட்டர்ன்" ஆகிவிடுகிறது. சேவை மையத்தின் திரையில் அதை மாற்ற பொத்தான் இல்லை. நீட்டிப்பு கேட்டோம். அது கெடுவுக்கு முன்னால் மட்டும்தான் என்றார். ஐம்பது நிமிடம் முன்னால் கூப்பிட்டிருந்தால் இதே பெண்ணால் ஒரே அழுத்தில் முடித்துத் தந்திருக்க முடியும். சில நிறுவனங்கள் கெடு தாண்டிய லாக்கர் பார்சலை உடனே திருப்பி அனுப்பாமல் பக்கத்துக் கடைக் கவுண்டருக்கு மாற்றி இன்னும் சில நாள் வைத்திருக்கும். அதையும் கேட்டுப் பார்த்தோம். இங்கே அந்த ஏற்பாடு கிடையாது.

ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறார்கள் என்று அக்கா பொரிந்து தள்ளினார். டிப்போவில் இருந்தவனுக்கு அதன் பதில் தெரியும். லாக்கரின் மூலதனமே அந்தப் பெட்டிகளின் எண்ணிக்கைதான். ஒரு பார்சல் மூன்று நாள் உட்கார்ந்தால், தினமும் ஆள் மாறியிருந்தால் அந்தப் பெட்டியில் போயிருக்கக்கூடிய இன்னும் இரண்டு பார்சல்கள் வேறு இடம் தேட வேண்டும். வியாழன் காலையில் அக்காவின் மோட்டாருக்கே இடம் இல்லாமல் போனதற்குக் காரணம் இப்படி யாரோ எடுக்காமல் விட்ட பார்சலாகத்தான் இருந்திருக்கும். அதை நான் அந்த ராத்திரியில் அக்காவிடம் சொல்லவில்லை.

திங்கள் காலை, டிரைவரின் கையில்

லாக்கருக்கு வரும் டிரைவர் புது பார்சலை முதலில் வைக்க மாட்டார். அவர் கையிலுள்ள ஸ்கேனர் கெடு முடிந்த பெட்டிகளின் பட்டியலைக் காட்டும். அந்தக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். பழையதை எடுத்துக் காலி செய்தால்தானே புதியதை வைக்க இடம் கிடைக்கும்? ஆகவே கெடு முடிந்த பார்சலுக்கு உண்மையான முடிவு நேரம் டிரைவரின் அடுத்த நடைதான்.

அந்த நடை காலையில் எட்டு மணி வாக்கில் வரும் என்பது என் கணிப்பு. அக்கா 7:50-க்கே போய் நின்றார். 8:25-க்கு வண்டி வந்தது. அக்காவின் கண்ணெதிரே கதவு திறந்தது, மோட்டார் இருந்த அட்டைப்பெட்டி வெளியே வந்தது. அக்கா அடையாள அட்டையைக் காட்டினார். லேபிளில் இருந்த பெயரையும் காட்டினார்.

"மேடம், பேரு உங்களுதுதான், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா இது என் மிஷின்ல ரிட்டர்ன்னு ஏறிடுச்சு. உங்க கையில கொடுத்தா, என் கணக்குல காணாமப் போன பார்சல் ஆயிடும். நான்தான் கட்டணும்."

அவர் சொன்னது அப்படியே உண்மை. ரிட்டர்ன் நிலையில் இருக்கும் பார்சலுக்கு அவருடைய ஸ்கேனரில் "வழங்கப்பட்டது" என்ற தேர்வே வராது. அவர் மனம் இரங்கிக் கொடுத்திருந்தாலும் ஏட்டில் அது திரும்பிவராத பார்சல்தான். விற்பனையாளர் பணத்தைத் திருப்பித் தர மறுப்பார், நிறுவனம் டிரைவரிடம் கேட்கும், யாரிடமும் ரசீது இருக்காது. இந்த இடத்தில் டிரைவரோடு சண்டை போடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவரால் கொடுக்க முடியாது, ஆனால் அவரால் சொல்ல முடியும். அக்காவுக்கு அவர் சொன்ன தகவல் அந்த நாளின் உருப்படியான தகவல்: சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் வண்டி டிப்போவுக்குத் திரும்பும், ரிட்டர்ன் கூண்டு இரவு ஒன்பது மணி லாரியில் ஏறும், அதற்குள் அனுப்பியவர் சொன்னால் நிறுத்திவைப்பார்கள்.

கவனியுங்கள், அனுப்பியவர் சொன்னால். வாங்கியவர் சொன்னால் இல்லை.

கூரியர் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டுக் கட்டணம் கட்டியது விற்பனையாளர். நிறுவனத்தின் கணக்கில் வாடிக்கையாளர் அவர்தான். வாங்குபவர் வெறும் பெறுநர். கெடு முடியும்வரை பெறுநருக்குச் சில உரிமைகள் உண்டு: எடுத்துக்கொள்ளலாம், நீட்டிக்கலாம், சில இடங்களில் வேறு கவுண்டருக்கு மாற்றலாம். கெடு தாண்டிய பிறகு பார்சலின் போக்கை மாற்றும் அதிகாரம் அனுப்பியவரிடம் மட்டுமே நிற்கிறது. அவருடைய கணக்கில் "மறு விநியோகம்" என்று ஒரு பொத்தான் இருக்கும், அல்லது அவருக்கென்று ஒரு தொடர்பு எண் இருக்கும். இது தெரியாமல் பலர் கூரியர் நிறுவனத்துக்கே திரும்பத் திரும்பப் போன் செய்து நேரத்தைத் தொலைக்கிறார்கள்.

அக்கா விற்பனையாளருக்கு ஒன்பது மணிக்கே மெசேஜ் போட்டார். டிராக்கிங் எண், நடந்தது என்ன, இரவு ஒன்பதுக்குள் மறு விநியோகம் போடவும் என்று எல்லாம் தெளிவாகத்தான் எழுதியிருந்தார். இணையச் சந்தையின் அரட்டைப் பெட்டி ஒன்றுதான் தொடர்புக்கு வழி, போன் எண் கிடையாது. விற்பனையாளர் பகலில் வேறு வேலை பார்க்கும் ஒற்றை ஆள். மெசேஜைப் பார்த்துப் பதில் போட்டது இரவு 9:50-க்கு. "மன்னிக்கவும், இப்போதுதான் பார்த்தேன். பொத்தானை அழுத்தினால் 'ரிட்டர்ன் தொடங்கிவிட்டது' என்கிறது."

லாரி ஐம்பது நிமிடம் முன்னால் கிளம்பியிருந்தது. ராசியான ஐம்பது நிமிடம்!

திரும்புகிற வழி

வரும்போது பார்சல் இரண்டு நாளில் வந்தது. திரும்பிப் போக ஒன்பது நாள் ஆனது. அதே சாலை, அதே லாரிகள்தான். ஆனால் ரிட்டர்னுக்கு யாரும் நேர வாக்குறுதி கொடுப்பதில்லை. புது பார்சல்களை ஏற்றிய பிறகு இடம் இருந்தால் ரிட்டர்ன் கூண்டு ஏறும், இல்லாவிட்டால் நாளைக்கு. ஒரே விற்பனையாளருக்குப் போகிறவற்றைச் சேர்த்து அனுப்புவதும் உண்டு. டிராக்கிங்கில் செவ்வாய் ஒரு வரி வந்தது, அதற்குப் பிறகு நாலைந்து நாள் ஒன்றுமே இல்லை. தொலைந்துவிட்டதோ என்று அக்கா தினமும் கேட்டார். ரிட்டர்னில் இந்த மௌனம் சாதாரணம்.

நடுவில் இன்னொன்று கேட்டார்: மறுபடி அந்தப் பக்கமாகத்தானே போகும், நடுவில் பிடிக்க முடியாதா? முடியாது. பெட்டியின் மேல் உங்கள் முகவரி எழுதியிருந்தாலும் பிரிப்பு மையத்தில் அதை யாரும் வாசிப்பதில்லை. இயந்திரம் பட்டைக் குறியீட்டைப் படித்து, இது எங்கே போகவேண்டும் என்று கணினியைக் கேட்கிறது. கணினி அனுப்புநர் முகவரியைச் சொல்கிறது. சில டிப்போக்களில் பழைய லேபிளின் மேல் புது ரிட்டர்ன் லேபிளே ஒட்டிவிடுவார்கள்.

லாக்கரில் வைத்ததிலிருந்து பதின்மூன்றாம் நாள், புதன்கிழமை காலை, டிராக்கிங்கில் பச்சைக் குறியோடு "வழங்கப்பட்டது" என்று வந்தது. அக்கா பதறிப்போய் கூப்பிட்டார். யாரோ தன் பெயரில் வாங்கிவிட்டார்கள் என்று நினைத்துவிட்டார். இந்தப் பதற்றத்தோடு எங்கள் பகுதிக்கு வந்த போன்களுக்கு அளவே இல்லை. பார்சல் அனுப்பியவரிடம் திரும்பிச் சேர்ந்ததற்கும் பல நிறுவனங்கள் அதே "வழங்கப்பட்டது" என்ற சொல்லைத்தான் போடுகின்றன. அந்த வரியை மட்டும் பார்க்கக்கூடாது. அதற்கு முந்தைய வரிகளில் "ரிட்டர்ன்" என்று இருக்கிறதா, வழங்கிய ஊர் விற்பனையாளருடையதா என்று பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். பணம் திரும்பக் கேட்க நேர்ந்தால் பொருள் விற்பனையாளர் கைக்குப் போய்விட்டது என்பதற்கு அதுதான் சான்று.

பணம் விஷயத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். எடுக்காமல் விடுவதும் ஆர்டரை ரத்து செய்வதும் ஒன்றல்ல. பொருள் திரும்பிப் போனால் பணம் தானாக வந்துவிடும் என்று பேசாமல் இருப்பவர்கள் உண்டு. பெரிய விற்பனைத் தளங்களில் பெரும்பாலும் வந்துவிடும். சின்ன விற்பனையாளரிடம் அந்தப் பெட்டி ஒரு மூலையில் கிடக்கும், இது ரத்தா, மறுபடி அனுப்ப வேண்டுமா என்று அவருக்குத் தெரியாது. இரண்டில் எது வேண்டும் என்று எழுத்தில் ஒரு வரி சொல்லிவிடுவது நல்லது. அனுப்பும் கட்டணம் திரும்ப வருமா என்பது அந்தக் கடையின் விதியைப் பொறுத்தது. போக வர இரண்டு பக்கச் செலவும் விற்பனையாளர் தலையில் விழுந்திருக்கும் என்பதால் அவர் பிடித்துக்கொள்ளவே பார்ப்பார். கையில் வாங்கும்போது பணம் கட்டும் ஆர்டர் என்றால் வாங்குபவருக்குப் பண நஷ்டம் இல்லை, ஆனால் அடுத்த முறை அந்த வசதியையே நிறுத்திவிடக்கூடும்.

வெளிநாட்டிலிருந்து அஞ்சலில் வரும் பார்சலுக்கு இன்னொரு நுணுக்கம் உண்டு. அனுப்புபவர் நிரப்பும் படிவத்திலேயே, பெறுநரிடம் சேராவிட்டால் என்ன செய்யவேண்டும் என்று ஒரு பகுதி இருக்கிறது. திருப்பி அனுப்பு என்றும் குறிக்கலாம், கைவிட்டதாகக் கொள் என்றும் குறிக்கலாம். திருப்பும் செலவு பொருளின் விலையைவிட அதிகம் என்று நினைப்பவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். அப்படிப்பட்ட பார்சல் கெடு தாண்டினால் அது யாரிடமும் திரும்பாது. அக்காவுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

தவறவிட்ட கதவு

எல்லாம் ஓய்ந்த பிறகு அக்கா மகள் ஒரு வார்த்தை சொன்னாள்: "மாமா, நான் தினமும் அந்த லாக்கரைத் தாண்டித்தான் கிளாஸுக்குப் போறேன்." அந்த லாக்கர் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. குறியீடு தெரிந்த யார் அடித்தாலும் கதவு திறக்கும். அக்கா வெள்ளிக்கிழமை அந்த மெசேஜை மகளுக்குத் தள்ளிவிட்டிருந்தால் மேலே எழுதிய எதற்கும் வேலை இருந்திருக்காது. (அதே காரணத்தால்தான் அந்தக் குறியீட்டைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடக்கூடாது என்பேன்.) கடைக் கவுண்டரில் இது அவ்வளவு எளிதல்ல. அங்கே அடையாள அட்டை கேட்பார்கள், வேறொருவர் வாங்கப்போனால் ஒப்புதல் கடிதமோ பார்சல்காரரின் அட்டை நகலோ தேவைப்படலாம்.

ஆனால் கவுண்டரில் வேறொரு வசதி உண்டு. கெடு முடிந்த மறுநாள் போனாலும் அங்கே ஒரு மனிதர் இருக்கிறார். பார்சலை ரிட்டர்னுக்கு ஸ்கேன் செய்து டிரைவரிடம் ஒப்படைக்காதவரை, சில நிறுவனங்களின் கருவி அப்போதும் வழங்கலை ஏற்றுக்கொள்ளும். கடைக்காரர் ஒருமுறை ஸ்கேன் செய்து பார்த்தால் தெரிந்துவிடும். கருவி ஏற்காவிட்டால் அதோடு விட்டுவிட வேண்டும். ஸ்கேன் இல்லாமல் கேட்டு வாங்கினால் கடைக்காரரும் அந்த டிரைவரின் நிலைமைக்கு வந்துவிடுவார்.

விற்பனையாளரிடம் அக்கா ரத்து கேட்கவில்லை. அந்த மோட்டார் வேறெங்கும் இல்லையே. மறுபடி அனுப்பும் கட்டணத்தைக் கட்டினார், இந்த முறை லாக்கர் வேண்டாம் என்று பத்து நாள் வைத்திருக்கும் ஒரு கடைக் கவுண்டரைத் தேர்ந்தெடுத்தார். விற்பனையாளர் வியாழன் அனுப்பினார், சனிக்கிழமை மதியம் மெசேஜ் வந்தது. பத்து நாள் இருக்கிறதே என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கடைக்காரர் எந்தக் குறியீட்டை ஸ்கேன் செய்வது என்று கொஞ்ச நேரம் தேடினாராம். அட்டைப்பெட்டியின் மேல் மூன்று லேபிள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருந்தது.